நடக்கவிட்டு எடுப்பதா, நிறுத்தி எடுப்பதா: தெருவில் ஃபார்மல் சட்டை லுக்புக்

திருநெல்வேலி டவுன் ரத வீதி மாதிரி ஆள் நடமாட்டமுள்ள தெருவில் ஃபார்மல் சட்டைக்கு லுக்புக், அதாவது உடையை அணிந்து காட்டும் விளம்பரப் படத் தொகுப்பு, எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மாடலை எட்டுப் பத்து மீட்டர் நிஜமாகவே நடக்கவிட்டு, வரிசையாகப் படம் பிடிப்பது. மற்றது, ஒரு காலை முன்வைத்து, பின்காலின் குதிகாலைத் தூக்கி, நடப்பதுபோல் நிறுத்திவைத்து எடுப்பது. ஸ்டுடியோவில் எடுத்துத் தெருவைப் பின்னால் ஒட்டுவது என்று மூன்றாவதும் இருக்கிறது. சட்டையில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்தும் தெருவில் இன்னொரு பக்கத்திலிருந்தும் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். இந்த இரண்டில் நாங்கள் தேர்ந்தெடுத்தது நடக்கவிடுவதைத்தான்.

நிறுத்தி எடுப்பதன் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஃபோகஸ் தப்பாது, இடம் கொஞ்சம் போதும், மாடலுக்கு வேர்க்காது, பின்னால் போகிற ஆட்டோ விலகும்வரை காத்திருக்கலாம். இவ்வளவு இருந்தும் அதை விட்டதற்குக் காரணம் ஒன்றே: சட்டையில் விழும் மடிப்பு.

நடக்கும்போது தோள் ஒரு பக்கமும் இடுப்பு எதிர்ப்பக்கமும் திரும்புகின்றன. வலது கால் முன்னால் போகும்போது இடது கை முன்னால் வருகிறது. இந்த முறுக்கலில் துணி ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பை நோக்கிச் சாய்வாக இழுபடுகிறது. முன்னால் வரும் கையின் முழங்கை மடிப்பில் இரண்டு மூன்று வளைவுகள் விழும். பெல்ட்டுக்கு மேலே, பின்னால் போகும் கையின் பக்கத்தில், துணி லேசாகத் தளர்ந்து தொங்கும். பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. ஆனால் தினமும் ஆயிரம் பேர் நடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சாய்வு மடிப்பு இல்லாத சட்டை நடக்கவில்லை என்பது உடனே உறைத்துவிடும். நிறுத்திவைத்த மாடலிடம் பட்டன் பட்டி நேர்க்கோடாகத் தொங்கும், மடிப்புகள் மேலிருந்து கீழாக விழும். கால் மட்டும் நடக்கும், சட்டை நின்றுகொண்டிருக்கும்.

இன்னொரு காரணம் வியாபாரம் சார்ந்தது. இணையத்தில் சட்டை வாங்குகிறவர் தொட்டுப் பார்க்க முடியாது, அளவு தனக்குச் சரிவருமா என்பதைப் படத்திலிருந்துதான் ஊகிக்கிறார். பட்டனைச் சுற்றி இரண்டு பக்கமும் கிடைமட்டமாக இழுபடும் கோடு மார்போ வயிறோ பிடிக்கிறது என்று சொல்லும். கழுத்துப் பட்டைக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு மடிப்பு நின்றால், தோள் சரிவு ஒத்துவரவில்லை. நிறுத்திவைத்த படத்தில் இவை அவ்வளவாகத் தெரியாது, முதுகில் கிளிப் போட்டு இறுக்கினால் சொல்லவே வேண்டாம். வாடிக்கையாளர் வீட்டில் போட்டு நடந்து பார்க்கும்போதுதான் தெரியும், அப்போது சட்டை திரும்பி வரும். நடந்து எடுத்த படம் தையலில் உள்ள குறையையும் காட்டிவிடும் என்பது தயாரிப்பாளருக்குச் சங்கடம்தான். ஆனால் அந்தக் குறை படம் எடுக்கிற அன்றே தெரிவது பார்சல் திரும்பி வருவதைவிட மலிவு.

ஒரு சட்டையை வைத்தே பார்ப்போம். வெளிர் நீலப் பாப்ளின், முழுக்கை, 40 சைஸ், மாடலின் மார்பளவுக்கு மேல் 4 அங்குலம் தளர்வு. கீழே கருநீலப் பேன்ட். பாப்ளின் நெருக்கமான எளிய நெசவு, அதனால் மடிப்பு கூர்மையாக, சின்னச் சின்னதாக விழும். ட்வில்லில் அதே அசைவு பெரிய, மென்மையான வளைவாக வரும். பாலியஸ்டர் கலந்த துணியில் மடிப்பு விழுந்த வேகத்தில் போய்விடும், அதற்கு நடை பெரிதாக உதவாது. லினன் வேறு ஜாதி: அது நிற்கும்போதே கசங்கும், அங்கே நடையின் மடிப்பையும் கசங்கலையும் பிரித்துக் காட்டுவது கடினம். இங்கே சொல்வதெல்லாம் பருத்திச் சட்டைக்கே முழுதாகப் பொருந்தும்.

வேலை இஸ்திரியில் தொடங்குகிறது. பருத்தி இழை ஈரமும் சூடும் பட்டால் இளகி, ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே நின்றுவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்துத் தேய்த்த சட்டையைச் சூடாக மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து வந்தால், வயிற்றிலும் முதுகிலும் உட்கார்ந்த மடிப்பு உறைந்துவிடும், அப்புறம் எவ்வளவு நடந்தாலும் போகாது. தேய்த்ததும் ஹேங்கரில் கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும், சட்டையைப் படம் எடுக்கும் இடத்தில்தான் மாட்ட வேண்டும். கஞ்சி காலருக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் போதும். உடம்புத் துணியில் கஞ்சி ஏறினால் மடிப்பு வளையாமல் காகிதம்போல் முறியும், முறிந்த ஓரம் படத்தில் வெள்ளைக் கோடாக விழும். கடைப் பெட்டியிலிருந்து எடுத்த சட்டையின் நேர்க்கோட்டு மடிப்புகளை முன்னும் பின்னும் முழுதாக எடுத்துவிட வேண்டும். அவை இயல்பான மடிப்பில் சேராது.

பேன்ட்டுக்குள் செருகிய பிறகு மாடல் இரண்டு கைகளையும் ஒருமுறை தோள் மட்டத்துக்குத் தூக்கி இறக்கட்டும். பெல்ட்டுக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் துணி வெளியே வரும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் முதல் அடியிலேயே சட்டை முழுதும் விறைத்து இழுபடும்.

இனி நடை. மெதுவாக நட என்று சொன்னால் கை வீசாது, கை வீசாவிட்டால் மேலே சொன்ன முறுக்கல் வராது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகமும் வேண்டாம், கோயில் பிரகாரத்தில் பேசிக்கொண்டு போகிற வேகமும் போதாது. ஆபீசுக்கு நேரத்தோடு கிளம்பியவர் நடை சரியாக இருக்கும். ஒரு கையில் ஃபைல் இருக்கலாம், இரண்டு கையும் நிறையக் கூடாது. கேமராவைத் தாண்டி நடக்கச் சொல்லுங்கள். கேமராவுக்கு முன்னால் நிற்கச் சொன்னால் கடைசி இரண்டு அடியில் உடம்பு தயங்குவது தோளில் தெரியும்.

முழு உருவத்துக்கு, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் போட்டால், ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் தூரம் வேண்டும். அங்கே லென்ஸ் துளையை f/4-இல் வைத்தால் சுமார் 90 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும், முன்னால் வரும் கையும் பின்னால் போகும் காலும் ஓரளவு அடங்கிவிடும், பின்னணியும் கலங்கும். f/2.8-க்கு இறங்கினால் அது 60 சென்டிமீட்டராகச் சுருங்கி, கை கூர்மையாகவும் காலர் மங்கலாகவும் வரத் தொடங்கும். ஷட்டர் வேகம் 1/250 நொடி முகத்துக்குப் போதும், வீசும் கைக்குப் போதாது. மணிக்கட்டுப் பட்டை கலங்கினால் சட்டைப் படத்தில் அது குறைதான், எனவே 1/800-ஐவிட மெதுவாக வைக்க வேண்டாம். நொடிக்குப் பத்துப் படம் எடுத்தால் ஓர் அடிக்கு ஐந்தாறு கிடைக்கும். அவற்றில் முன்காலின் குதிகால் தரையில் படும் படமே வேண்டியது. கால்கள் ஒன்றையொன்று கடக்கும் படத்தில் ஆள் ஒற்றைக் காலில் நிற்பதுபோல் இருக்கும், முறுக்கலும் அந்த நேரத்தில் அவிழ்ந்துவிடும்.

மடிப்பு விழுந்தால் மட்டும் போதாது, அது தெரிய வேண்டும். அதற்கு வெயில் பக்கவாட்டில், தாழ்வாக விழ வேண்டும். நெல்லையில் கஷ்டமே இதுதான். காலை ஏழரைக்கு வெயில் தாழ்வாக இருக்கும், தெருவில் கூட்டம் இருக்காது. பத்தரைக்குக் கூட்டம் வந்துவிடும், ஆனால் வெயில் உச்சிக்கு ஏறிக் கண்ணுக்கடியில் குழி விழும். மாலை ஐந்து மணியை ஒட்டிக் கூட்டமும் தாழ்ந்த வெயிலும் சேர்ந்து கிடைக்கும். அப்போது பத்து மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் இருபது மீட்டருக்கு மேல் நீளும் என்பதால், வடக்குத் தெற்காக ஓடும் கீழ ரத வீதியின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும். நிழலில் மடிப்பு தட்டையாகிவிடும்.

இதற்கு வழி தெரு முக்கில் இருக்கிறது. கீழ ரத வீதியும் தெற்கு ரத வீதியும் சந்திக்கும் இடத்தில், மேற்கு வெயில் தெற்கு ரத வீதி நெடுக ஓடி வந்து விழும். மாடல் அந்த முக்கைத் தாண்டி வடக்கு நோக்கி நடந்தால் வெயில் அவரது இடது தோளில் படும். சாய்வு மடிப்பு ஒவ்வொன்றும் வெளிச்சமும் நிழலுமாகப் பிரிந்து நிற்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இது நன்றாக அமையும். ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் நேர்மேற்கிலிருந்து 23 டிகிரிக்கு மேல் விலகி இறங்குவதால் கட்டடங்கள் மறித்துவிடும். அந்த மாதங்களில் வண்ணார்பேட்டைப் பக்கம் அகலமான சாலைக்குப் போவது நல்லது. மாலையில் அல்வாக் கடை முன் நிற்கும் வரிசை அருமையான பின்னணி, ஆனால் அடையாளம் தெரியும் முகங்களை விளம்பரத்தில் கேட்காமல் போடக் கூடாது. அதற்கும் f/4 உதவும்.

நிறுத்தி எடுப்பதற்கும் இடம் உண்டு. வெளிர் நீலமும் சாம்பல் நிறமும் வேர்வையை உடனே காட்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஏழெட்டு நடைக்குள் அக்குள் கறுத்துவிடும். அதே சட்டையில் இரண்டாவது பிரதி இல்லாவிட்டால் நடை கட்டுப்படியாகாது. எட்டு மீட்டர் ஒழியாத நெரிசலிலும் அப்படித்தான். அப்போது முற்றிலும் நிறுத்தாமல், பின்காலில் எடையைப் போட்டு நின்று, ஒரே ஓர் அடி முன்வைக்கச் சொல்லி, அந்த அடி விழும்போது எடுக்கலாம். எதிர்க்கையை வீசச் சொல்ல மறந்தால் பலர் அதே பக்கக் கையையே நீட்டுவார்கள், அணிவகுப்பில் கால் தவறிய மாதிரி இருக்கும். இந்த ஓரடி நடையில் சாய்வு மடிப்பு பாதியளவு வரும். மார்புவரை மட்டும் காட்டும் படத்துக்கு அது போதும்.

திருத்தும்போது அழிக்க வேண்டியவை பெட்டி மடிப்பின் மிச்சமும், பையின் பட்டை அழுத்திய தடமும், நூல் பிசிறும். முழங்கை வளைவையும் தோளிலிருந்து இடுப்புக்குப் போகும் சாய்வையும் தொடக்கூடாது. பட்டன் இழுப்பைத் திருத்தி மறைக்கத் தோன்றினால், படத்தை அப்படியே வைத்துக்கொண்டு அந்தச் சட்டையைத் தையல்காரரிடம் அனுப்பி, பக்கத் தையலில் அரை அங்குலம் விடச் சொல்லுங்கள்.