மார்க்கெட், லிமிட், ஸ்டாப்-லிமிட்: உள்ளே போக எது, வெளியே வர எது?

வேகமாக ஓடும் கிரிப்டோ காயினுக்கு எந்த ஆர்டர் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த ஆர்டர் நிறைவேறாமலே போனால் உங்களுக்கு என்ன ஆகும்? வாங்கப் போய் ஆர்டர் நிறைவேறவில்லை என்றால், பணம் கையிலேயே இருக்கிறது. ஒரு வாய்ப்பு போனது, அவ்வளவுதான். விற்கப் போய் நிறைவேறவில்லை என்றால், சரிகிற காயின் இன்னும் உங்கள் தலையில். அதனால் உள்ளே போகும் கதவுக்கும் வெளியே வரும் கதவுக்கும் ஒரே ஆர்டரைப் பழக்கமாக வைத்துக்கொள்வது தவறு என்பது என் எண்ணம்.

முதலில் வாங்கும் பக்கம். ரூபாயில் வர்த்தகமாகும் ஒரு சின்ன காயின், விலை நூறை ஒட்டி ஓடுகிறது என்று வையுங்கள். ஆர்டர் புக்கில் விற்கக் காத்திருப்பவர்கள் இப்படி நிற்கிறார்கள்:

| விலை (ரூ.) | எத்தனை காயின் |
|---|---|
| 100.00 | 200 |
| 100.50 | 300 |
| 101.50 | 500 |
| 103.00 | 1,000 |

உங்களுக்கு 1,500 காயின் வேண்டும். மார்க்கெட் ஆர்டர் போட்டால் அது மேலிருந்து வரிசையாக எல்லோரிடமும் வாங்கிக்கொண்டே போகும். கடைசி 500 காயின் 103 ரூபாய்க்குத்தான் கிடைக்கும். மொத்தம் 1,52,400 ரூபாய், சராசரி 101.60. திரையில் நூறு என்று பார்த்து அழுத்தினீர்கள், 1.6 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். இதைத்தான் ஸ்லிப்பேஜ் என்கிறோம். எக்ஸ்சேஞ்ச் பிடிக்கும் கட்டணத்தைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள்கூட அதைவிடப் பெரிய இந்தத் தொகையைக் கவனிப்பதில்லை.

அதே இடத்தில் 100 ரூபாய்க்கு மேல் வாங்காதே என்று லிமிட் ஆர்டர் போட்டால் 200 காயின் கிடைக்கும், மீதி 1,300 வரிசையில் நிற்கும். காயின் ஏறுகிற வேகத்தில் அந்த மீதி கிடைக்காமலே போகலாம். நான் விரும்புவது இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: லிமிட் விலையைச் சந்தை விலைக்குக் கொஞ்சம் மேலேயே வைப்பது. 101.50 என்று லிமிட் போட்டால் முதல் மூன்று வரிசைகளிலும் உடனே வாங்கிவிடும். 1,000 காயின், சராசரி 100.90. 100-க்கும் 100.50-க்கும் கிடைக்கிற காயின்களுக்கு அந்த விலையே பிடிக்கும், எல்லாவற்றுக்கும் 101.50 பிடிக்காது. இந்த ஒன்று புரியாததால்தான் பலர் லிமிட்டை இறுக்கமாக வைத்துவிட்டுக் காத்துக் கிடக்கிறார்கள். மீதி 500 வரிசையில் தொங்க வேண்டாம் என்றால், ஆர்டர் திரையில் IOC என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டு மீதியை ரத்து செய்துவிடும்.

விலை ஒரு தடையைத் தாண்டினால் மட்டும் வாங்க வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டாப்-லிமிட் பொருந்தும். ட்ரிகர் 105, லிமிட் 106 என்று வைத்தால், 105-ஐத் தொட்டதும் 106 வரை வாங்கச் சொல்லி லிமிட் ஆர்டர் புக்குக்குள் போகும். விலை ஒரே தாவலில் 109-க்குப் போய்விட்டால் கிடைக்காது. கிடைக்காததே நல்லது, அந்த உயரத்தில் வாங்க நீங்கள் திட்டமிடவில்லையே.

அப்புறம் விற்கும் பக்கம். உண்மையான சிக்கல் இங்கேதான்.

நீங்கள் 100.90-க்கு வாங்கிய 1,000 காயின் கையில் இருக்கிறது. 95 உடைந்தால் வெளியேற முடிவு. புதியவர்கள் பெரும்பாலும் ட்ரிகர் 95, லிமிட் 94.80 என்று போடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் போட்டேன். ஒரு இரவு தூங்கி எழுந்து பார்த்தால் ட்ரிகர் ஆகியிருந்தது, விற்பனை ஆகவில்லை, காயின் கால்வாசி விலை இழந்திருந்தது. காரணம் எளிது. 95-இல் ஒரு வர்த்தகம் நடந்ததும் ஆர்டர் கிளம்புகிறது. அது புக்குக்குள் போய்ச் சேருவதற்குள் வாங்குபவர்கள் கீழே நகர்ந்துவிடுகிறார்கள்: 94.60-இல் 300, 94-இல் 400, 93.20-இல் 600. 94.80-க்கு யாரும் இல்லை. உங்கள் ஆர்டர் அங்கேயே நிற்க, விலை கீழே போய்க்கொண்டிருக்கிறது.

லிமிட்டை 92 என்று வைத்திருந்தால்? 300, 400, பிறகு 93.20-இல் 300 என்று விற்று முடிந்திருக்கும், சராசரி 93.94. அதே நொடியில் மார்க்கெட் ஆர்டர் போட்டிருந்தாலும் அதே 93.94-தான். அதாவது தளர்வான லிமிட் சாதாரண நேரத்தில் உங்களுக்கு ஒரு பைசாவும் செலவு வைப்பதில்லை. புக் காலியாக இருக்கிற நேரத்தில் மட்டும் 92-க்குக் கீழே விற்கவிடாமல் தடுக்கிறது.

அந்தத் தடுப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு 2017 ஜூன் 21-ஐச் சொல்லலாம். காயின்பேஸ் நடத்திய ஜிடிஏஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் யாரோ பல மில்லியன் டாலர் அளவுக்கு ஈதரை மார்க்கெட் ஆர்டரில் விற்றார்கள். 317.81 டாலரில் இருந்த விலை அந்த ஒரே ஆர்டரால் 224.48 வரை இறங்கியது. அந்தச் சரிவு சுமார் 800 ஸ்டாப்-லாஸ் ஆர்டர்களையும், கடனில் வாங்கியவர்களின் காயினை எக்ஸ்சேஞ்சே விற்றுவிடும் மார்ஜின் கலைப்புகளையும் கிளப்பிவிட, அவையும் மார்க்கெட் விலைக்கே விற்க, சில வர்த்தகங்கள் 10 சென்ட்டில் முடிந்தன. விலை உடனே மீண்டும் ஏறிவிட்டது. அன்று 280 என்று லிமிட் வைத்திருந்தவர் காயினோடு தப்பித்திருக்கலாம். மார்க்கெட் ஸ்டாப் வைத்தவர்கள் கதி அதோகதி. எக்ஸ்சேஞ்ச் பிறகு தன் கையிலிருந்து இழப்பீடு தந்தது, ஆனால் அதை நம்பி யாரும் ஸ்டாப் வைப்பதில்லை.

இதற்கு நேர்மாறானது 2020 மார்ச் 12. பிட்காயின் அன்று காலை 8,000 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்து, ஒரே நாளில் 5,000-க்கும் கீழே போனது. பழைய விலைக்குத் திரும்ப ஏப்ரல் கடைசி ஆயிற்று. இங்கே ட்ரிகருக்கு ஒட்டி லிமிட் வைத்தவர்தான் மாட்டிக்கொண்டார். மார்க்கெட்டில் விற்றவர் கொஞ்சம் மோசமான விலைக்காவது வெளியே வந்தார்.

எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் லிமிட்டுக்கும் ட்ரிகருக்கும் இடையே எவ்வளவு விட வேண்டும் என்பதை அந்தக் காயினிடமே கேட்க வேண்டும். ஒரு நிமிட சார்ட்டைத் திறந்து, கடைசியாகச் சரிந்த நாளின் மிக நீளமான சிவப்பு மெழுகுவர்த்தியை, அதாவது ஒரே நிமிடத்தில் விலை அதிகம் இறங்கியதைக் காட்டும் கட்டையைப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் 2 சதவீதம் சரிந்திருந்தால் அதைவிடக் கூடுதலாக, 3 சதவீதமாவது விடுகிறேன். கூடவே, ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் இடையே வாங்க நிற்பவர்களின் மொத்த அளவு உங்கள் காயினைப்போல் ஐந்தாறு மடங்கு இருக்கிறதா பாருங்கள். சரிவு தொடங்கியதும் அதில் பெரும்பகுதி ரத்தாகிவிடலாம். அந்த அளவு இல்லாத காயினில் எந்த ஆர்டர் வகையும் காப்பாற்றாது, வாங்கும் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

லாபத்தில் விற்பதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம், சாதாரண லிமிட் போதும். ஒரு தொல்லை மட்டும் உண்டு: காயினையே நேரடியாக வாங்கி விற்கும் ஸ்பாட்டில் ஸ்டாப்-லிமிட் போட்டதும் அந்தக் காயின்கள் பூட்டப்பட்டுவிடும், மேலே இன்னொரு விற்பனை லிமிட் வைக்க முடியாது. OCO வசதி உள்ள எக்ஸ்சேஞ்சில் இரண்டையும் சேர்த்தே போடலாம், ஒன்று நிறைவேறினால் மற்றது தானாக ரத்தாகும். அதில்கூடக் கீழ்ப்பகுதி பெரும்பாலும் ஸ்டாப்-லிமிட்தான் என்பதால், அந்த லிமிட் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.