“இன்பாக்ஸுக்கு வாங்க” என்பதா, அங்கேயே பதில் சொல்வதா?

விளம்பரப் பதிவின் கீழே ஒருவர் கோபமாகக் கமென்ட் போட்டால், நீக்குவதையும் சண்டைக்குப் போவதையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நீக்கினால் ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்பி வருவார். சண்டை போட்டால் பொருளை விட்டுவிட்டு எல்லோரும் சண்டையைப் படிப்பார்கள். ஃபேஸ்புக்கில் கமென்ட்டை மறைத்து வைத்தாலும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். பதில் சொல்லாமல் மழுப்புகிறார்கள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

மிச்சம் இரண்டு வழிகள். “மன்னிக்கவும், விவரங்களை இன்பாக்ஸில் அனுப்புங்கள்” என்று ஒரு வரி போட்டுப் பேச்சை உள்ளே கொண்டுபோவது ஒன்று. பிரச்சினை என்ன, என்ன செய்கிறோம் என்பதை அங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்வது இன்னொன்று. ஆன்லைனில் விற்கும் சின்னச் சின்ன வியாபாரங்களின் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டையும் செய்துவிட்டு இப்போது இரண்டாவதில்தான் இருக்கிறேன். ஆகவே இது நடுநிலை அலசல் அல்ல.

முதல் வழியின் லாபம் கண்முன்னே தெரிகிறது. அரை நிமிடத்தில் முடிந்துவிடும், யார் வேண்டுமானாலும் செய்யலாம், வாய் தவறி எதையும் சொல்லிவிட மாட்டோம். ஆர்டர் எண், முகவரி, பணம் கட்டிய விவரம் எல்லாம் எப்படியும் இன்பாக்ஸில்தான் பேச வேண்டும். ஆனால் நாமாகத் தொடங்கும் தனிச்செய்திக்கு ஒரு வரம்பு உண்டு. ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து கமென்ட் போட்டவருக்கு ஏழு நாளுக்குள் ஒரே ஒரு செய்திதான் அனுப்ப முடியும், அவர் பதில் போட்டால்தான் பேச்சு தொடரும். கோபத்தில் இருப்பவர் பல நேரம் பதில் போடுவதில்லை. “மூணு மெயில் போட்டவன் இன்னும் இன்பாக்ஸுக்கு வேற வரணுமா?” என்று அடுத்த கமென்ட்தான் வரும்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். முதுகுப்பைக்குத் தள்ளுபடி என்று ஒரு பதிவு. கீழே ஒருவர் எழுதுகிறார்: “போன மாசம் வாங்கின பை. ரெண்டே வாரத்துல ஜிப் போச்சு. மூணு மெயில் போட்டும் பதில் இல்லை. இதுல தள்ளுபடி வேறயா? ஏமாத்துக்காரங்க.”

இதில் பதில் சொல்ல வேண்டியவை மூன்று: ஜிப், மெயில், தள்ளுபடி. கடைசி வார்த்தைக்குப் பதில் தேவையில்லை. “நாங்கள் ஏமாற்றுபவர்கள் அல்ல” என்று எழுதினாலே வாக்குவாதம் தொடங்கிவிடும். மூன்றில் எல்லோரும் தவறவிடுவது தள்ளுபடியை. அந்தப் பதிவைப் படிப்பவர்கள் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: எனக்கு வரப்போவதும் அதே ஜிப்தானா? இன்பாக்ஸில் எவ்வளவு அழகாகப் பேசித் தீர்த்தாலும் இந்தக் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

முதலில் “பார்த்துவிட்டோம், மெயிலைத் தேடிவிட்டு மாலைக்குள் இங்கேயே சொல்கிறோம்” என்று ஒரு வரி. பிறகு விசாரித்துவிட்டு, அதே இழையில் புதிய பதிலாக இப்படி:

“ரெண்டு வாரத்தில் ஜிப் போயிருக்கக் கூடாது, மன்னிக்கவும். உங்கள் மெயில்கள் ஸ்பாமில் கிடந்தன, இப்போதுதான் எடுத்தோம். மாற்றுப் பையா, பணமா, எது வேண்டும் என்று அதே மெயிலில் கேட்டிருக்கிறோம். இந்தத் தள்ளுபடியில் இருப்பதும் அதே மாடல்தான். கையில் இருக்கும் பைகளின் ஜிப்பைச் சோதிக்கிறோம், முடிவை வெள்ளிக்கிழமைக்குள் இங்கே சொல்கிறோம்.”

கீழே பதில் எழுதியவரின் பெயர். முதல் வரியையே திருத்தாமல் புதிதாகப் பதில் போடச் சொல்வதற்குக் காரணம், திருத்தத்தை நம்பினால் அவருக்கு அறிவிப்பு போகாது. மெயில் ஸ்பாமில் இருந்தது உண்மையாக இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். அவர் தவறான முகவரிக்கு அனுப்பியிருந்தாலும் “உங்கள் தவறு” என்ற தொனி வேண்டாம், “எங்களுக்கு வந்து சேரவில்லை, இன்றே இந்த முகவரியில் பார்த்துக்கொள்கிறோம்” என்றால் போதும். அப்புறம், அவர் தானாகச் சொல்லாத எதையும் பொதுவில் சொல்லக் கூடாது. எந்த நிறம் வாங்கினார், இதற்கு முன் எத்தனை முறை பணம் திரும்பக் கேட்டார் என்பதெல்லாம் நம் பதிவேட்டில் இருக்கலாம். வெளியே எடுத்தால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் பார்ப்பவர்கள் அவர் பக்கம் போய்விடுவார்கள்.

இதுவரை பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது அதற்குப் பிறகான பராமரிப்பு.

இன்பாக்ஸ் வழியில் பிரச்சினை உள்ளே தீர்ந்தாலும் வெளியே இழை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து வருபவருக்குத் தெரிவது ஒரு புகாரும் “இன்பாக்ஸுக்கு வாங்க” என்ற வரியும்தான். பொது வழியில் வெள்ளிக்கிழமை திரும்பி வந்து இன்னொரு பதில் போடுகிறோம்: “ஒரு தொகுதிப் பைகளில் ஜிப்பின் ஓடும் பகுதி தளர்வாக இருந்தது. அந்தத் தொகுதியை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம். உங்கள் மாற்றுப் பை நேற்று கிளம்பியது.” புகார் அங்கேயே இருக்கிறது, ஆனால் அதன் முடிவும் கூடவே இருக்கிறது. அவர் நன்றி சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். கமென்ட்டை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அவராக எடுத்தால் அதன் கீழே நாம் போட்ட பதில்களும் சேர்ந்து போய்விடும். அதனால் தொகுதி பற்றிய வரியை மூலப் பதிவிலும் சேர்த்துவிடுவது என் வழக்கம்.

இந்த வழியின் ஆபத்தும் இதே இடத்தில்தான். வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு வரவில்லை என்றால், நம் கையாலேயே நமக்கு எதிராகச் சாட்சி எழுதி வைத்த மாதிரி. “வெள்ளி போய் ரெண்டு வாரம் ஆச்சு” என்று யாராவது கணக்குச் சொல்வார்கள். சோதனை முடியவில்லை என்றால் அதையாவது அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். தேதியைக் குறித்து வைத்துத் திரும்பி வர ஒரு ஆள் இல்லாத இடத்தில் நான் இன்பாக்ஸ் வழியையே சொல்வேன். மந்தமான வழிதான், ஆனால் பொய்யாகிவிடாது.

இன்னொரு செலவும் உண்டு. பதில்கள் சேரச் சேர, பொருத்தமானவை முதலில் என்ற வரிசையில் அந்தக் கமென்ட் மேலே ஏறலாம். அதனால் அவர் போடும் ஒவ்வொரு வரிக்கும் பதில் போடாமல், விசாரித்துச் சொல்லும் பதில், முடிவு சொல்லும் பதில் என்று நிறுத்திக்கொள்கிறேன். நடுவில் புதிய தகவல் வந்தால் மட்டும் ஒன்று கூடும். “எனக்கும் இதே கதை” என்று வேறு சிலர் வந்தால் அவரவர் சொன்னதைப் படித்துத் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரே பதிலை ஒட்டிக்கொண்டே போனால் இயந்திரம் பேசுவது போலாகி, முதல் பதிலின் மதிப்பும் போய்விடும்.

உடல்நலம், கடன், சட்ட விவகாரம் என்று வந்தால் நான் முதல் வழிக்கே மாறிவிடுவேன். அங்கே புகார் கொடுத்தவர் நம் வாடிக்கையாளர் என்று உறுதிப்படுத்துவதே அவருடைய அந்தரங்கத்தை உடைப்பதாகிவிடலாம், ஆகவே ஒரு வரியோடு இன்பாக்ஸ்தான் சரி. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் புகார் வரும் பெரிய நிறுவனப் பக்கங்களிலும் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே ஒவ்வொன்றுக்கும் வெள்ளிக்கிழமை கொடுக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பணம் கட்டி ஓட்டும் விளம்பரமாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்தில் பதிவிடாமல் விளம்பரமாக மட்டும் உருவாக்கியதற்கு வரும் கமென்ட்கள் பக்கத்தின் பதிவுகளில் தெரியாது. விளம்பரத்தைத் தனியாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பதிலைப் போட வேண்டிய இடமும் அதுதான்.