போட்டிக் கடையின் பதிவு, விளம்பரம், கமெண்ட்: இடைவெளி எதில் தெரியும்?

காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். அதே கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயை விற்கும் பக்கங்கள் இன்னும் ஐந்தாறு இருக்கின்றன. அவர்கள் எதைப் பேசாமல் விட்டிருக்கிறார்கள், எந்தத் தொனியில் பேசுகிறார்கள், என்ன சலுகை தருகிறார்கள் என்று தெரிந்தால், நம் பதிவுகளை எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்யலாம். அதற்கு மூன்று வழிகள் உண்டு. அவர்களுடைய பதிவுகளை அட்டவணையில் ஏற்றுவது ஒன்று, மெட்டாவின் விளம்பர நூலகத்தைப் பார்ப்பது இன்னொன்று, பதிவுகளுக்குக் கீழே இருக்கும் கமெண்டுகளைப் படிப்பது மூன்றாவது. மூன்றுக்கும் காசு கிடையாது. பெரும்பாலானவர்கள் முதல் வழியோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மூன்றாவதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும்.

அட்டவணை போடுவது எளிது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி 30 ரீல்களை எடுத்து, ஒரு ஷீட்டில் தேதி, தலைப்பு, தொனி, பார்வை எண்ணிக்கை, கமெண்ட் எண்ணிக்கை என்று எழுதலாம். மேலே பின் செய்து வைத்திருக்கும் பதிவுகளைச் சேர்க்கக் கூடாது. அவை பழையவை, நன்றாக ஓடியவை என்பதால் கணக்கைத் திரித்துவிடும். பார்வைகளுக்குச் சராசரி எடுப்பதும் வேண்டாம், வைரலான ஒரே ஒரு ரீல் போதும், சராசரி எங்கேயோ போய்விடும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டால், அதுதான் அந்தப் பக்கத்தின் வழக்கமான அளவு. நடு எண் 3,000 ஆக இருக்கும் பக்கத்தில் ஒரு ரீல் 40,000 தொட்டிருந்தால், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 40,000 பார்வைக்கு நாலே நாலு கமெண்ட் இருந்தால், காசு கொடுத்து ஓட்டியிருப்பார்கள் என்று சந்தேகப்படலாம்.

இப்படிப் பார்த்தால் தலைப்புகள் எங்கே குவிந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். செக்கு சுற்றும் காட்சி, 'ரீஃபைண்ட் ஆயில் விஷம்' என்ற பேச்சு, பாட்டில் அடைக்கும் காட்சி, இந்த மூன்றுமே பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். ஆனால் காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்ததும் 'இதோ இடைவெளி' என்று பாய்ந்துவிடக் கூடாது. எள் ரகங்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்று அட்டவணை காட்டும். வாங்குபவர் யாரும் அதைக் கேட்கவில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அட்டவணையில் தெரிவது விற்பவர்களின் பேச்சு மட்டும்தான்.

சலுகை விஷயத்தில் அட்டவணை இன்னும் பலவீனமானது. சலுகைகளைப் பெரும்பாலும் ஸ்டோரியில்தான் போடுவார்கள், அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அங்கேதான் விளம்பர நூலகம் கைகொடுக்கிறது. facebook.com/ads/library போய், நாடு இந்தியா, எல்லா விளம்பரங்களும் என்று தேர்ந்தெடுத்துப் பக்கத்தின் பெயரைத் தட்டினால், அவர்கள் இப்போது ஓட்டும் விளம்பரங்கள் வரும். ஒவ்வொன்றிலும் தொடங்கிய தேதி இருக்கும். மூன்று மாதமாக ஒரே விளம்பரம் ஓடுகிறதென்றால், அது அவர்களுக்குப் பலன் தருகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் சாதாரண வணிக விளம்பரங்களுக்கு இந்தியாவில் செலவுத் தொகையை அது காட்டுவதில்லை. நிறுத்திய விளம்பரமும் மறைந்துவிடும். அதனால் வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். ஆடியில் என்ன கொடுத்தார்கள், தீபாவளிக்கு என்ன கொடுத்தார்கள் என்று அடுத்த வருஷம் பார்க்க வேறு வழி இருக்காது.

நம் கடைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒருவர் 5 லிட்டர் வாங்கினால் டெலிவரி இலவசம் என்கிறார். இன்னொருவர் மூன்று எண்ணெயும் தலா ஒரு லிட்டர் காம்போ போட்டிருக்கிறார். மூன்றாமவர் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார், அதுவும் இரண்டு லிட்டருக்கு மேல்தான். எல்லாரும் பெரிய ஆர்டரைத்தான் குறிவைக்கிறார்கள். முதல்முறை ருசி பார்க்க நினைப்பவருக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை. தலா 100 மில்லியில் மூன்று குப்பி கொண்ட மாதிரிப் பெட்டி போடலாமே என்று தோன்றும். இதைக் கூரியர் கணக்கு போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 100 மில்லி எண்ணெய் ஏறக்குறைய 92 கிராம், மூன்றும் சேர்ந்தால் 276 கிராம். குப்பியும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டினால் அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும், அப்போது எண்ணெயை விடக் கூரியர் செலவு பெரிதாகிவிடும். மற்றவர்கள் இதைச் செய்யாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே மெல்லிய குப்பியில் அடைத்துத் தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் விளம்பரம்.

இனி கமெண்ட். வாங்குபவர் தன் வாயால் பேசுவது இங்கே மட்டும்தான். 'சூப்பர்', கைகூப்பும் எமோஜி ஆகியவற்றை விட்டுவிட்டு, கேள்விகளை மட்டும் அவர்கள் எழுதியபடியே ஷீட்டில் ஏற்ற வேண்டும். பக்கத்தில் இன்னொரு கட்டத்தில், கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்று எழுத வேண்டும். இடைவெளி இந்த இரண்டாவது கட்டத்தில்தான் தெரியும். செக்கு எண்ணெய்ப் பதிவுகளுக்குக் கீழே திரும்பத் திரும்ப வரக்கூடிய கேள்விகள் இப்படி இருக்கும்: 'விலை என்ன?' பதில்: 'இன்பாக்ஸ் பாருங்க.' 'பூரி சுட்டா நுரை பொங்கி வழியுதுங்க, கலப்படமா?' பதில்: ஒரு கைகூப்பு. 'அடியில கசடு நிக்குதே?' பதிலே இல்லை.

இதில் நுரைக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கேட்டவர் ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்தியவர், ஏமாந்துவிட்டோமோ என்ற பயத்தில் கேட்கிறார். பதில் தெரிந்த விஷயம்தான். சுத்திகரிக்காத எண்ணெயில் ஈரமும் பாஸ்போலிப்பிடுகள் என்ற பிசின் போன்ற பொருள்களும் கொஞ்சம் தங்கும், சூடேறும்போது அவை நுரைக்கும். சில நாள் தெளியவைத்து மேலாக இறுத்த எண்ணெயில் நுரை குறையும். வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாமல் மெல்லச் சூடாக்க வேண்டும். வீடுகளில் சிறு புளி உருண்டை போடும் வழக்கமும் உண்டு. தெளியவைத்த எண்ணெய், தெளியவைக்காத எண்ணெய் இரண்டிலும் அடுத்தடுத்துப் பூரி போட்டுக் காட்டினால் ஒரு நிமிட ரீல் தயார். நுரை வருவதை வைத்து மட்டும் கலப்படம் என்றோ சுத்தம் என்றோ சொல்ல முடியாது என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

தொனியையும் கமெண்டில்தான் சரியாகப் பிடிக்க முடியும். எல்லாரும் 'நீங்க சாப்பிடுறது விஷம்' என்று பயமுறுத்தும்போது, கீழே 'எல்லாரும் இதையேதான் சொல்றீங்க, எதை நம்புறது?' என்று ஒருவர் எழுதி, அதற்கு லைக் ஏறிக்கொண்டே போனால், பயம் காட்டும் பேச்சு அலுத்துவிட்டது என்று தெரியும். நிதானமாகச் செய்து காட்டும் குரலுக்கு அங்கே இடம் இருக்கிறது. 'சர்க்கரை நோய் குணமாகும்' என்ற பேச்சை மட்டும் எந்தத் தொனியிலும் எடுக்கக் கூடாது. நோய் தீரும் என்று உணவை விளம்பரப்படுத்துவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன.

கமெண்டுக்கும் குறை உண்டு. கடைக்காரர் பிடிக்காததை அழித்துவிடலாம், எழுதாமல் போகிறவர்களே அதிகம். அதனால் ஒரே கேள்வி இரண்டு மூன்று பக்கங்களில் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூப் தேடலில் 'செக்கு எண்ணெய்' என்று தட்டி, கீழே வரும் பரிந்துரைகளில் அது இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

ஆக, சலுகைக்கு விளம்பர நூலகம், தலைப்புக்கும் தொனிக்கும் கமெண்ட். எல்லாரும் பேசித் தேய்ந்ததைத் தவிர்க்க மட்டும் அட்டவணை. ரீலைப் போட்ட பிறகு பார்வையை விட்டுவிட்டு, நம் இன்சைட்ஸில் சேவ், ஷேர் எண்களை நம் வழக்கமான அளவோடு ஒப்பிட வேண்டும். நுரை ரீலை வழக்கத்தைவிட அதிகம் பேர் சேவ் செய்து, கீழே 'அப்போ கசடு ஏன் நிக்குது?' என்று கேட்டால், அடுத்த ரீல் கசடு பற்றித்தான்.