ஹேர் கலர் ஃபார்முலா கார்டு: மூணு வருஷம் எழுதினதுல தெரிஞ்சுக்கிட்டது

திருச்சில சின்ன பார்லர் வச்சிருக்கேன், நாலு சேர், என்னையும் சேர்த்து நாலு பேர் வேலை பாக்குறோம். கலருக்கு வர்ற கஸ்டமர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கார்டு போட்டு வைக்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. இப்ப டப்பால நூத்தி எழுபது கார்டுக்கு மேல இருக்கு. இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன், ஏன்னா முதல் ஒரு வருஷம் நாங்க கார்டு எழுதியும் கலர் மாறித்தான் வந்துச்சு, அது ஏன்னு புரிய எனக்கு நாளாச்சு.

ஆரம்பிச்ச காரணம் எல்லா கடைலயும் நடக்குறதுதான். எங்ககிட்ட அஞ்சு வருஷம் இருந்த பொண்ணு கல்யாணமாகி ஊர் மாறிப் போயிருச்சு. அவ கைல கலர் பண்ணிக்கிட்டவங்க வந்து "போன தடவ மாதிரியே போடுங்க"ன்னு உக்காருறாங்க, போன தடவ என்ன போட்டான்னு எங்க யாருக்கும் தெரியல. போன் பண்ணி கேட்டா "அவங்களுக்கு அஞ்சுல கொஞ்சம் கோல்டு கலந்துருப்பேன்க்கா, அரை ட்யூப் இருக்கும்"ங்குறா. கஸ்டமர் காத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, அரை ட்யூபை நான் எதை வச்சு அளக்குறது.

அதனால முதல் வேலையா ஒரு கிச்சன் தராசு வாங்குனேன், ஒரு கிராம் வரைக்கும் காட்டுறது போதும். ரூல் போட்ட கெட்டி அட்டை வாங்கி ஷேட் நம்பர், எத்தன கிராம், கலரோட கலக்குற டெவலப்பர் எத்தன வால்யூம், அதாவது எவ்ளோ வீரியம், எவ்ளோ நேரம்னு எழுத ஆரம்பிச்சோம். இது போதும்னுதான் நானும் நம்புனேன்.

ஒரு ரிட்டயர்டு டீச்சர் அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவ ரூட் டச்சப்புக்கு வருவாங்க. பாதிக்குப் பாதி நரை, அதுவும் நெத்தி ஓரத்துலயும் காதோரத்துலயும் கம்பி மாதிரி இருக்கும், சுலபத்துல கலர் ஏறாது. அவங்க கார்டுல 5.0 இருபத்தஞ்சு கிராம், 5.3 பதினஞ்சு கிராம், 20 வால்யூம் டெவலப்பர் அறுபது கிராம், நாப்பது நிமிஷம்னு இருந்துச்சு. அதாவது ஒரு பங்கு கலருக்கு ஒண்ணரை பங்கு டெவலப்பர், மொத்தம் நூறு கிராம். ஒரு நாள் நான் இல்லாதப்ப புதுசா சேந்த பொண்ணு கார்டைப் பாத்து அப்படியே கலந்து போட்டுருக்கா, ஒரு கிராம் கூட மாறல. சாயங்காலம் டீச்சர் போன் பண்ணாங்க, நுனி எல்லாம் கருகருன்னு ஆயிருச்சும்மா, காதோரத்துல வெள்ளை தெரியுதுன்னு.

மறுநாள் வரச் சொல்லி ஜன்னல் பக்கத்துல நிக்க வச்சு பாத்தேன். அந்தப் பொண்ணுகிட்ட எப்படி போட்டன்னு ஒவ்வொண்ணா கேட்டேன். அவ பின்னந்தலைல ஆரம்பிச்சு கடைசியாதான் முன்னாடி வந்திருக்கா, கலர் ஆரம்பிச்ச நேரத்துலேந்து நாப்பது நிமிஷம் கணக்கு வச்சிருக்கா. தலை முழுக்க போட்டு முடிக்கவே இருபது நிமிஷம் ஆயிரும், அப்ப காதோரத்துல இருக்குற நரைக்கு கெடச்சது மிச்சம் இருபது நிமிஷம்தான், அது எப்படி மூடும். நுனிக்கும் அதே கலவைய ஆரம்பத்துலயே இழுத்து விட்டுருக்கா. ஏற்கனவே பல தடவ கலர் ஏறுன முடி, அது மேல திரும்ப முழு நேரம் உக்காந்தா நிறம் மேல மேல படிஞ்சு இருட்டாத்தான் ஆகும். நான் எப்பவும் முன்னாடி ஆரம்பிப்பேன், நுனிக்கு கடைசி அஞ்சு நிமிஷம் தண்ணி தொட்டு தேச்சு விடுவேன், ஆனா அது என் கைல இருந்துச்சு, கார்டுல இல்ல. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்.

அதுலேந்து கார்டையே மாத்திட்டேன். இப்ப முதல் வரி ஃபார்முலா கிடையாது, அன்னைக்கு தலை எப்படி இருந்துச்சுங்குறதுதான். நரை எவ்ளோ, எங்க அதிகம், புதுசா வளந்த வேர் எத்தன சென்டிமீட்டர், வீட்ல மருதாணி போட்டாங்களா, கடைல விக்கிற கருப்பு ஹென்னா பாக்கெட் போட்டாங்களா. இதுல வேர் நீளம் ரொம்ப முக்கியம். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு வளரும், தலையோட சூடு ஏறக்குறைய அந்த முதல் சென்டிமீட்டருக்குத்தான் கிடைக்கும், அங்க கலர் வேகமா வேலை செய்யும். அஞ்சு வாரத்துல வர்ற டீச்சருக்கு எழுதுன கார்டு, அவங்களே பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு மூணு மாசம் கழிச்சு வந்தா அப்படியே செல்லாது, அடிவேர்ல ஒரு நிறமும் கொஞ்சம் தள்ளி ஒரு நிறமுமா பட்டை தெரியும். அந்த மாதிரி வந்தா தள்ளி இருக்குற பகுதிக்கு முதல்ல போட்டு, ஒட்டுன வேருக்கு கொஞ்சம் நேரம் கழிச்சு போடுறோம், அதையும் தனி வரியா எழுதுறோம்.

அடுத்த வரி எங்க ஆரம்பிச்சோம், எந்த மணிக்கு போட்டு முடிச்சோம், எந்த மணிக்கு அலசுனோம். நிமிஷம் மட்டும் எழுதக்கூடாது, கடிகார மணி எழுதணும்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். 11:10 ஆரம்பம், 11:30 முடிவு, 12:10 அலசல்னு எழுதுனா நாப்பது நிமிஷம் எதுலேந்து எதுவரைக்கும்னு யாரும் கேக்கவே வேண்டாம். ஏசி காத்து நேரா அடிக்கிற சேர்ல உக்காந்தா கலவை சீக்கிரம் காஞ்சு போகுது, காஞ்சா வேலை நின்னுரும், அதனால நரை அதிகமா இருக்குறவங்கள ரெண்டாவது சேர்ல உக்கார வைக்கிறதில்ல.

ஷேட் நம்பர் பக்கத்துல கம்பெனி பேரும் கட்டாயம் எழுதணும். முன்னாடி இருக்குற நம்பர், அதாவது எவ்ளோ கருப்பு எவ்ளோ வெளுப்புங்குறது, எல்லா கம்பெனிலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். புள்ளிக்குப் பின்னாடி வர்றது அப்படி இல்ல. ஒரு கம்பெனில 4னா காப்பர், இன்னொண்ணுல அதே 4 பெய்ஜ். ஸ்டாக் இல்லன்னு வேற கம்பெனி ட்யூபை அதே நம்பர்னு எடுத்துப் போட்டா ஆளே மாறித் தெரிவாங்க.

கார்டோட மூலைல அலசி காய வச்ச முடிலேந்து நாலஞ்சு இழை வெட்டி செலோடேப் போட்டு ஒட்டி வைக்கிறோம், கஸ்டமர்ட்ட கேட்டுட்டுத்தான். போன் போட்டோவும் எடுத்துப் பாத்தோம், ட்யூப்லைட்ல ஒரு நிறம், வெயில்ல ஒரு நிறம்னு காட்டுது, நம்ப முடியல. இழைய கைல எடுத்து தலையோட வச்சுப் பாத்தா எவ்ளோ வெளுத்திருக்குன்னு உடனே தெரியும். பின்பக்கம் பேட்ச் டெஸ்ட் தேதி. புதுசா வர்றவங்களுக்கு காதுக்குப் பின்னாடி தடவி நாப்பத்தெட்டு மணி நேரம் பாத்துட்டுத்தான் கலர், அவசரம்னு சொன்னாலும் இதுல விட்டுக் கொடுக்குறதில்ல.

இப்ப செலவு விஷயத்துக்கு வர்றேன். முதல்ல கலந்த அளவ மட்டும் எழுதுனோம், பவுல்ல மிஞ்சுனத எழுதல. ஒரு நாள் சும்மா டீச்சரோட பவுல நிறுத்துப் பாத்தா இருபத்திரெண்டு கிராம் மிச்சம். நூறு கலந்ததுல அவங்க தலைக்குப் போனது எழுபத்தெட்டுதான், மிச்சத்த ஒவ்வொரு தடவையும் சிங்க்ல ஊத்திருக்கோம். கலந்த கலர மூடி வச்சு நாளைக்கு எடுக்க முடியாது, வேலை நடந்துக்கிட்டே இருக்கும், அப்புறம் ஒண்ணுக்கும் ஆகாது. அடுத்த தடவ 5.0 இருபது கிராம், 5.3 பன்னெண்டு, டெவலப்பர் நாப்பத்தெட்டு, மொத்தம் எண்பது. விகிதம் அதேதான், அதனால நிறம் மாறல. நான் வாங்குற அறுபது கிராம் ட்யூப் 330 ரூபா, அப்ப கிராமுக்கு அஞ்சரை ரூபா, டெவலப்பர் லிட்டர் 600, கிராமுக்கு அறுபது பைசான்னு வச்சுக்குறேன். முன்னாடி அவங்களுக்கு ஆன பொருள் செலவு 256 ரூபா, இப்ப 205. ஒருத்தருக்கு அம்பது ரூபாதான், ஆனா மாசத்துக்கு அறுபது எழுபது பேர் கலருக்கு வர்றாங்க.

இதுக்கு நேர்மாறாவும் கார்டு காட்டிக் கொடுத்துச்சு. இடுப்பு வரைக்கும் அடர்த்தியா முடி இருக்குற ஒருத்தங்களுக்கு முழு தலை கலர்னு ஒரே ரேட் வாங்கிட்டு இருந்தேன், கார்டைக் கூட்டிப் பாத்தா அவங்களுக்கு முன்னூறு கிராமுக்கு மேல கலக்குறோம், பொருளுக்கே பாதி போயிருது. இப்ப கலந்து போடுறதுக்கு முன்னாடியே கார்டைக் காட்டி உங்களுக்கு இவ்ளோ ஆகும்னு சொல்லிடுறேன், நெறைய பேர் சரின்னுதான் சொல்றாங்க, பேரம் பேசுறவங்களும் கிராம் கணக்கப் பாத்தா ஒத்துக்குறாங்க.

நிறுக்குறதுல ஒரு தொல்லை இருந்துச்சு. கிச்சன் தராசு ரெண்டு நிமிஷம் தொடலன்னா தானா அணைஞ்சிரும், திரும்ப போட்டா பவுல் எடைய மறந்துரும். அதுக்கு ஒவ்வொரு பவுலோட அடிலயும் அதோட வெறும் எடைய பெர்மனென்ட் மார்க்கர்ல எழுதி வச்சிட்டேன். 92னு எழுதுன பவுல்ல மிச்சத்தோட 114 காட்டுனா இருபத்திரெண்டு மிச்சம், அவ்ளோதான். பிரஷ்ஷ வெளில எடுத்துட்டு நிறுக்கணும், மொதல்ல அதை விட்டுட்டு நாலு கார்டுல தப்பா எழுதிருந்தோம். பேனாவும் பால்பாயிண்டா இருக்கணும், ஜெல் பேனா ஈரக் கை பட்டதும் கலைஞ்சிரும்.

கம்ப்யூட்டர்ல, போன் ஷீட்ல ஏத்தலாமேன்னு என் பையன் சொன்னான், ஒரு மாசம் பண்ணோம். கிளவுஸ் போட்ட கைல கலரோட யாரும் போனைத் தொடமாட்டாங்க, அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டு ராத்திரி மறந்துருவாங்க. அட்டைதான் எங்களுக்கு ஒத்துவந்துச்சு, சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரக் கார்டையெல்லாம் போட்டோ எடுத்து வச்சுக்குறேன், டப்பா தொலைஞ்சாலும் இருக்கும்.

ஸ்டைலிஸ்ட் பொண்ணுங்க ஆரம்பத்துல தயங்குனாங்க, நான் கண்டுபிடிச்ச கலவைய எல்லாருக்கும் எழுதிக் குடுத்துட்டா எனக்கு என்ன மதிப்புன்னு ஒருத்தி நேராவே கேட்டா. கேக்க வேண்டிய கேள்விதான். இப்ப முதல் தடவ அந்த ஃபார்முலாவ போட்டவங்க பேரு கார்டு மேல இருக்கும், வேற யார் திரும்பப் போட்டாலும் கலர் காசுல ஒரு சின்ன பங்கு அவங்களுக்குப் போகுது. கஸ்டமர் ஊர் மாறுறேன்னு கேட்டா கார்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துடுறேன், அவங்க தலை அது.

கார்டால முடியாததும் இருக்கு. நடுவுல வீட்ல கருப்பு ஹென்னா பாக்கெட் போட்டுட்டு சொல்லாம வர்றவங்களுக்கு எந்தக் கார்டும் உதவாது, அதுல சிலதுல என்ன கலந்திருக்குன்னே தெரியாது, அதுக்கு மேல ப்ளீச் பட்டா முடி சூடாகி ஒடியறது கூட நடக்கும். சந்தேகம் வந்தா அன்னைக்கு தலைல எதுவும் போடுறதில்ல, பின்னாடி உள்பக்கமா ஒரு சின்ன இழை எடுத்து கலவைல போட்டு நாப்பது நிமிஷம் வச்சுப் பாத்துட்டு கார்டுல அதையும் ஒட்டிட்டு, அடுத்த நாளைக்கு வரச் சொல்றோம்.