அண்டி ஆபீஸ் கணக்கில் 'நம்ம ஆள்' யார்? எம்.பி.பி. 1 வழியும் தனித்தாள் வழியும்

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், பல இன்று பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள். ஆடிட் முடியும் வேளையில், கம்பெனிக்கு நெருங்கியவர்களோடு நடந்த வரவு செலவைச் சொல்லும் 'ரிலேட்டட் பார்ட்டி' குறிப்பை எழுத இரண்டு வழிகள் நடப்பில் இருக்கின்றன. ஒன்று, டைரக்டர்கள் ஆண்டின் முதல் போர்டு கூட்டத்தில் கொடுத்த எம்.பி.பி. 1 படிவங்களைப் பார்த்து, அதில் உள்ள பெயர்களை லெட்ஜரில் தேடி எழுதிவிடுவது. மற்றொன்று, ஆட்களை முதலில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே கம்பெனிச் சட்டத்துக்கு ஒரு கட்டம், ஏ.எஸ். 18 என்ற கணக்கியல் தரத்துக்கு ஒரு கட்டம் போட்டுத் தனித்தனியே விடை எழுதுவது. முதல் வழி அரை நாளில் முடியும். இரண்டாவதற்கு முதல் ஆண்டில் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். என் ஓட்டு இரண்டாவதற்கே.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். விற்றுமுதல் 18 கோடி ரூபாய். எம்.டி.யிடம் 45 சதவீதப் பங்கு, அவர் மனைவியிடம் 25 சதவீதம். மனைவியும் டைரக்டர்தான், தினமும் ஷெட்டில் நின்று உற்பத்தியைப் பார்க்கிறவர். இன்னொரு 25 சதவீதம் வளைகுடாவில் வேலை செய்யும் நண்பருடையது. அவர் சொந்தக்காரரும் அல்ல, டைரக்டரும் அல்ல. மீதி 5 சதவீதம் மூன்றாவது டைரக்டரிடம். அவர் போர்டு கூட்டத்துக்கு மட்டும் வருவார்.

இனி வரவு செலவு. குடோன் வாடகை எம்.டி.யின் தாயாருக்கு ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். அட்டைப்பெட்டியும் தகர டின்னும் மருமகனின் சொந்தக் கடையிலிருந்து 42 லட்சத்துக்கு. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து தோட்டண்டி ஏற்றிவந்த லாரி வாடகை 28 லட்சம், மூன்றாவது டைரக்டர் பங்கு வைத்திருக்கும் ஒரு பிரைவேட் கம்பெனிக்கு. காயப்போடும் களத்துக்கு வளைகுடா நண்பரின் மனைவிக்கு மாதம் 20,000. ஜூனில் எம்.டி. வட்டியில்லாமல் போட்ட 20 லட்சம் பிப்ரவரியில் திரும்பிப் போய்விட்டது. வங்கிக் கடனுக்கு எம்.டி. சொந்த ஜாமீன் போட்டிருக்கிறார்.

எம்.பி.பி. 1 வழியில் போனால் என்ன கிடைக்கும்? அந்தப் படிவத்தில் டைரக்டர் தன் அக்கறை உள்ள கம்பெனிகளையும் ஃபர்ம்களையும்தான் எழுதுகிறார், உறவினர் பெயர்களை அல்ல. ஆகவே தாயாரும் மருமகனும் அங்கே இல்லை, நண்பரின் மனைவி இருக்கவே முடியாது. சிக்குவது லாரிக் கம்பெனி ஒன்றுதான். அதுவோ ஏ.எஸ். 18படி குறிப்பில் வரவேண்டிய அவசியமே இல்லாதது. சீக்கிரம் முடியும் வழியின் லட்சணம் இது.

இரண்டு கட்டத் தாளில் இதே ஆட்களை ஓட்டிப் பார்ப்போம். தாயாரில் சிக்கல் இல்லை, இரண்டு பக்கமும் 'ஆம்'. மருமகன் விஷயத்தில் வழி பிரிகிறது. கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் மகளின் கணவர் இருக்கிறார். ஏ.எஸ். 18இன் பட்டியல் கணவன் மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி, தாய், தந்தையோடு நின்றுவிடுகிறது. கடையை மகள்தான் நடத்துகிறாள், அல்லது அதன் முடிவுகளில் அவளுக்குக் கணிசமான கை இருக்கிறது என்றால் மட்டும் மகள் வழியாக அந்தக் கடை உள்ளே வரும். ஜி.எஸ்.டி. பதிவு யார் பேரில் இருக்கிறது என்பதோடு நிற்காமல், வங்கிக் கணக்கில் கையெழுத்து யாருடையது என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது டைரக்டர் சட்டத்துக்கு 'ஆம்'. டைரக்டர் உறுப்பினராக உள்ள பிரைவேட் கம்பெனி என்பதால் லாரிக் கம்பெனியும் 'ஆம்'. ஏ.எஸ். 18இலோ, கூட்டத்துக்கு மட்டும் வரும் டைரக்டர் நிர்வாகத்தைத் திட்டமிட்டு நடத்தும் பொறுப்பில் இல்லாதவரை முக்கிய நிர்வாகி ஆகமாட்டார். ஆகவே 'இல்லை'. நண்பர் இதற்கு நேர்மாறு. சட்டத்தின் பட்டியலில் அவருக்கு இடமில்லை. ஏ.எஸ். 18இல் 20 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை இருந்தால், மறுத்து நிரூபிக்காத வரை, கணிசமான செல்வாக்கு உண்டு என்றே கொள்ள வேண்டும். அவர் உள்ளே வந்தால் மனைவியும் வருவார், களத்து வாடகையும் வரும்.

ஆட்களைவிட அதிகம் தவறுவது பரிவர்த்தனையில். சட்டத்தின் 188ஆம் பிரிவு வாங்கல், விற்றல், குத்தகை, சேவை போன்றவற்றைப் பேசுகிறது. கடன் அந்தப் பட்டியலில் இல்லை, அதை வைத்து நிரப்பும் ஏ.ஓ.சி. 2 படிவத்திலும் இல்லை. அதனால் 'ஏ.ஓ.சி. 2இல் வராதது நோட்ஸிலும் வராது' என்று எம்.டி.யின் 20 லட்சத்தை விட்டுவிடுகிறார்கள். ஏ.எஸ். 18 கடனையும் ஜாமீனையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மார்ச் 31இல் பாக்கி பூஜ்யம் என்பதும் காரணமாகாது. ஆண்டுக்குள் வந்த தொகையும் போன தொகையும் சொல்லப்பட வேண்டும். டேலியில் எம்.டி. லெட்ஜரின் இறுதி இருப்பை மட்டும் பார்க்காமல், வவுச்சர் வாரியாக, ஜர்னல் பதிவுகள் உட்படத் திறந்து பார்த்தால்தான் இது தெரியும். எம்.டி., மனைவி இருவரின் சம்பளமும் இதே குறிப்பில் சேரும்.

42 லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது 18 கோடியில் சுமார் 2.3 சதவீதம். பங்குதாரர் தீர்மானத்துக்கான 10 சதவீத வரம்பை எட்டவில்லை, ஆகவே போர்டு ஒப்புதல் போதும். சந்தை விலையில், வழக்கமான தொழிலில் நடந்தது என்று காட்ட முடிந்தால் அந்தப் பிரிவின்படி அதுவும் தேவைப்படாது. வேறு இரண்டு கடைகளின் அதே மாத விலைப்பட்டியலைக் கோப்பில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

இரண்டு வழியில் ஒன்றைத் தேர்வதைத் தீர்மானிப்பது ஆண்டுக்கு ஆண்டு பராமரிப்பு. எம்.பி.பி. 1 ஆண்டுத் தொடக்கத்து நிலையைக் காட்டும் படம். உறவும் பங்கும் நடுவில் மாறும். நண்பர் அக்டோபர் 31இல் 10 சதவீதத்தை விற்று 15க்கு இறங்கினால், மார்ச் 31 பங்குதாரர் பட்டியலைப் பார்க்கிறவர் அவரைத் தூக்கிவிடுவார். ஏ.எஸ். 18 'ஆண்டுக்குள் எந்தச் சமயத்திலாவது' என்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாத வாடகை 1,40,000 குறிப்பில் வந்தே ஆக வேண்டும். பிந்திய ஐந்து மாதத்தையும் சேர்ப்பதா என்பதில் நான் அடித்துச் சொல்லமாட்டேன். உறவு முடிந்த தேதியை எழுதி, அதுவரையிலான தொகையைத் தருவது எனக்குச் சரியாகப் படுகிறது. தனித்தாளில் 'தொடக்கம்', 'முடிவு' என்று இரண்டு தேதிக் கட்டங்கள் சேர்த்துவிட்டால் இந்தக் கேள்வி தானாக எழும். மகள் கல்யாணம், பாகப்பிரிவினை, டைரக்டர் ராஜினாமா எல்லாம் அன்றன்றைக்கு அதில் ஏறிவிட்டால், இரண்டாம் ஆண்டு முதல் இந்த வழியும் அரை நாள் வேலைதான்.

தாளிலிருந்து குறிப்பு எழுதும்போது 'உறவினர்களுக்கு வாடகை 5,00,000' என்று ஒரே வரியில் மூடக்கூடாது. ஒரே வகைப் பரிவர்த்தனையின் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டும் தரப்பைப் பொதுவாகப் பெயரோடு தனியே காட்ட வேண்டும். இங்கே தாயாரின் 3,60,000, நண்பரின் மனைவியின் 1,40,000 இரண்டுமே தாண்டுகின்றன.

கம்பெனி வளர்ந்து பங்குச் சந்தையில் பட்டியலானாலோ, நிகர மதிப்பு 250 கோடியைத் தொட்டாலோ ஏ.எஸ். 18க்குப் பதிலாக இண்ட் ஏ.எஸ். 24 வரும். அங்கே நிர்வாகத்தில் இல்லாத டைரக்டரும் முக்கிய நிர்வாகிதான். மூன்றாவது டைரக்டருக்கு எதிரே இருந்த 'இல்லை' அன்றைக்கு 'ஆம்' ஆகும். அதற்குத் தாளில் மூன்றாவது கட்டம் ஒன்று போட்டால் போதும்.