கொன்னா, வான்னா, யால்: பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

ஆங்கிலக் கதையில் ஒருவன் ‘கோயிங் டு’வைச் சுருக்கி ‘ஐம் கொன்னா லீவ்’ என்கிறான். மொழிபெயர்க்கும்போது எந்தத் தமிழில் தருவது?

தொனி: ‘கிளம்பப் போறேன்’ இயல்பாக இருக்கிறது. ‘கிளம்பப் போகிறேன்’ என்றால் ஆள் மேடையேறிவிடுகிறான். ‘வான்ட் டு’வின் சுருக்கமான ‘வான்னா’வும் அப்படித்தான், ‘ஐ வான்னா ஸ்லீப்’ என்றால் ‘தூங்கணும்’ போதும்.

சீர்மை: பேச்சு வடிவம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கவனிக்காவிட்டால் ஒரே பாத்திரம் இரண்டு ஊர்க்காரனாகிவிடும். எழுத்து வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை.

‘யால்’தான் சிக்கல். ‘யூ ஆல்’ சுருங்கி வந்த அது, அமெரிக்கத் தென்பகுதியோடு ஒட்டிய முன்னிலைப் பன்மை. வெறும் ‘நீங்க’ ஒருவரை மரியாதையாக அழைப்பதாகவும் படும். ‘நீங்கல்லாம்’ சரியாக நிற்கும். தென்பகுதி வாசனை போய்விடும்தான். அதற்காக நெல்லைத் தமிழைப் பூசுவது எனக்குப் பிடிக்காது.

வசனம், சப்டைட்டில் என்றால் பேச்சு வடிவம். செய்தி மேற்கோள் என்றால் எழுத்து வடிவம்: ‘கொன்னா’ படித்தவர் வாயிலும் சாதாரணமாக வரும், அதைக் கொச்சையாக்கினால் பேசியவருக்கு அநியாயம்.