வாட்ஸ்அப் ஸ்டிக்கர்: 464 பிக்சலில் தொடங்குங்கள்

பின்னணி நீக்கிய படத்தை ஸ்டிக்கராக மாற்றுவதில் பலரும் சறுக்குவது வரிசையில்தான். பெரிய படத்திலேயே வெள்ளை வெளிக்கோடு போட்டுவிட்டு, பிறகு சுருக்குகிறார்கள். 3000 பிக்சல் உயரப் படத்தில் போட்ட 8 பிக்சல் கோடு, ஸ்டிக்கர் அளவுக்கு வரும்போது ஒரு பிக்சல் சொச்சமாகத் தேய்ந்துவிடும். டார்க் மோடில் கறுப்புத் தலைமுடி பின்னணியோடு கரைந்துபோவது இதனால்தான். முதலில் சுருக்க வேண்டும், கோடு அதற்குப் பிறகுதான்.

வாட்ஸ்அப் கேட்பது சரியாக 512×512 பிக்சல், ஒளி ஊடுருவும் பின்னணி, வெப்பி (WebP) வடிவம், அசையாத ஸ்டிக்கருக்கு 100 கேபிக்குள் எடை. சுற்றிலும் 16 பிக்சல் இடம் விட்டு, 8 பிக்சல் வெள்ளைக் கோடு போடச் சொல்வது பரிந்துரை. 512இல் இரு பக்க இடைவெளிக்கு 32, கோட்டுக்கு 16 கழித்தால் மிஞ்சுவது 464. உருவத்தின் நீண்ட பக்கம் அதுதான். 1800×3000 அளவில் வெட்டிய, நின்றிருக்கும் குழந்தையின் படம் என்றால் 278×464 ஆகும். அதை 512 சதுரக் கேன்வாஸின் நடுவில் வையுங்கள்.

கிம்ப்பில் (GIMP) அந்த லேயரை நகலெடுத்து, கீழே இருக்கும் நகலுக்கு மட்டும் `Layer > Transparency > Threshold Alpha` கொடுங்கள். கண்ணுக்கே தெரியாத அரைகுறைப் புள்ளிகள் அதில் போய்விடும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு தூசியும் கோடு போடும்போது வெள்ளைப் பொட்டாக வீங்கி நிற்கும். மேல் லேயருக்கு இதைச் செய்யாதீர்கள், ஓரம் ரம்பப் பல்லாகிவிடும். அடுத்து நகலின் மீது `Alpha to Selection`, பிறகு `Select > Grow` கொடுத்து 8. இரண்டுக்கும் நடுவே 512 அளவில் ஒரு புது லேயர் சேர்த்து அதில் வெள்ளை நிரப்புங்கள். நகலை மறைத்துவிடலாம்.

கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் இரு பக்கக் கோடும் சேர்ந்து தானாக மூடிக்கொள்ளும். சற்றே கூடினால் கீறல் போல ஒரு துளை மிஞ்சி அசிங்கமாகத் தெரியும், அதை வெள்ளையால் அடைத்துவிடுவதே நல்லது. பறக்கும் முடியிழைகளையும் தனித்தனியே காப்பாற்ற முயல வேண்டாம். எட்டு பிக்சல் கோடு அவற்றை விழுங்கி முள்முள்ளாக்கும், முடியை ஒரே திரளாக வெட்டினால்தான் அழகு.

பிஎன்ஜியாகச் சேமித்த பின், கட்டளை வரியில் cwebp கருவியால் வெப்பியாக மாற்ற:

```
cwebp -q 80 sticker.png -o sticker.webp
```

100 கேபியைத் தாண்டினால் 80ஐ 70, 60 என்று இறக்குங்கள், அளவைச் சுருக்காதீர்கள். கோப்பைப் போனுக்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்ப வேண்டும். புகைப்படமாக அனுப்பினால் ஜேபெக் ஆகி, ஊடுருவும் பின்னணி அங்கேயே போய்விடும்.